தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது: மூத்த பிள்ளையை ஆயத்தப்படுத்துவது பற்றி யாழ்ப்பாணத்து அம்மாமார் கேட்கும் கேள்விகள்

மூத்தவளுக்கு இரண்டரை வயது. எனக்கு இப்போது மூன்றாம் மாதம். இப்போதே சொல்லிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைக்கு "இன்னும் ஆறு மாதம்" என்பதும் "நாளைக்கு" என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்று சொன்னால் நாளை காலையில் எழும்பி "பேபி எங்கே?" என்று கேட்பாள். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டுக் களைத்து, கடைசியில் அது வராத ஒன்று என்று விட்டுவிடுவாள்.

வயிறு தெரியத் தொடங்கும்போது, ஐந்தாம் ஆறாம் மாதமளவில் சொல்லலாம். பிள்ளை உதைப்பதை மூத்தவள் கையை வைத்துப் பார்க்கக்கூடிய நேரம் அது. அதற்கு முன்பே சொல்ல வேண்டிய கட்டாயம் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, உங்களுக்குச் சத்தியும் மயக்கமும் கடுமையாகி அவளைத் தூக்க முடியாமல் போனால். அம்மாவுக்கு ஏதோ வருத்தம் என்று பயப்படுவதைவிட உண்மையைச் சொல்வது நல்லது. மற்றது, சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால். கனடாவிலிருந்து சித்தி வீடியோ கோலில் சொல்லி அவள் அறியக் கூடாது. உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும்.

காலத்தைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒன்றைப் பிடியுங்கள். புரட்டாதியில் பிள்ளைப்பேறு என்றால், "நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோம், தேர் பார்ப்போம், அதெல்லாம் முடிந்த பிறகு பேபி வரும்" என்று சொல்லலாம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இந்தச் சுற்றிவளைப்பு தேவையில்லை. கலண்டரில் மாதத்தைக் காட்டிச் சொல்லிவிடலாம்.

என்ன வார்த்தையில் சொல்வது?

"அம்மாவின் வயிற்றுக்குள் ஒரு பேபி வளருகிறது. பெரிதானதும் வெளியே வரும். எங்களோடு இந்த வீட்டில்தான் இருக்கும்." இவ்வளவு போதும். மிச்சத்தை அவள் கேட்கக் கேட்கச் சொல்லுங்கள்.

"உனக்கு விளையாட ஒரு தம்பி வாறான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வசனத்தில் இரண்டு பொய் இருக்கிறது. வருவது தம்பியா தங்கச்சியா என்று தெரியாது. எதுவானாலும் வந்தவுடன் விளையாடவும் மாட்டாது. பந்தோடு காத்திருந்த பிள்ளைக்கு முன்னால் நாள் முழுக்க நித்திரை கொண்டு, எழும்பினால் அழுகிற ஒன்றைக் கொண்டுவந்து கிடத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். "சின்னப் பேபிக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. பால் குடிக்கும், நித்திரை கொள்ளும், நிறைய அழும். நீயும் அப்படித்தான் இருந்தாய்" என்று சொல்லி, அவளுடைய பிறந்த காலத்துப் படங்களைக் காட்டுங்கள். தன்னைப் பற்றிய கதை எந்தப் பிள்ளைக்கும் அலுக்காது. அதே நேரத்தில் வரப்போவது எவ்வளவு சின்ன ஆள் என்பதையும் கண்ணால் பார்த்துவிடுவாள்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று. வயிற்றுக்கு முத்தமும் கொடுக்கிறாள். இனி வேறு என்ன ஆயத்தம் இருக்கிறது?

முக்கியமானதே இனித்தான் இருக்கிறது. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு பல காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று வயதுப் பிள்ளையை முதலில் உலுப்புவது புதுப் பிள்ளை அல்ல, அம்மா இல்லாத இரவுகள். பேபியைப் பற்றி எத்தனை கதை சொல்லி வைத்தாலும், இதுவரை அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டே நித்திரையான பிள்ளைக்கு ஒரு நாள் திடீரென்று அந்தக் காது இல்லாமல் போனால் கதை எதுவும் உதவாது.

ஆகவே ஆயத்தம் என்று நான் சொல்வது இதைத்தான். அவளுக்குத் தீத்துவது, குளிக்க வார்ப்பது, நித்திரையாக்குவது ஆகிய மூன்று வேலையையும் அம்மாவைத் தவிர இன்னொரு ஆளும் செய்யக்கூடியதாக, பேற்றுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பழக்கிவிட வேண்டும். அந்த ஆள் அம்மம்மாவாகவோ அப்பாவாகவோ சித்தியாகவோ இருக்கலாம். ஆனால் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இன்றைக்கு மாமி, நாளைக்குப் பெரியம்மா என்று மாறினால் பழக்கம் பிடிக்காது.

இரவில் என்னை விட்டு ஒரு நிமிடமும் படுக்க மாட்டாள். எப்படிப் பழக்குவது?

கொக்குவிலில் ஒரு குடும்பம் செய்ததை அப்படியே சொல்கிறேன். பிள்ளைக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஐப்பசி முற்பகுதியில் சிசேரியன் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அம்மம்மா அதே வளவில் இருக்கிறா. பகலில் பிள்ளை அவவோடு நல்ல வாரப்பாடு. ஆனால் இரவுச் சாப்பாடும் நித்திரையும் அம்மாவிடம் மட்டும்தான்.

ஆடியில் தொடங்கினார்கள். முதல் இரண்டு கிழமையும் நித்திரையைத் தொடவே இல்லை. பின்னேரம் மேல்கழுவுவதையும் இரவுச் சாப்பாடு தீத்துவதையும் அம்மம்மா எடுத்துக்கொண்டா. அம்மா பக்கத்திலேயே கதிரையில் இருந்தா, கதைத்தா, ஆனால் கை வைக்கவில்லை. மூன்றாம் நான்காம் கிழமையில் தீத்தும் நேரத்தில் அம்மா அறைக்குள் போய் உடுப்பு மடித்தா. பிள்ளை கூப்பிட்டால் குரல் கொடுத்தா, வந்து தலையைக் காட்டினா, மறுபடியும் போனா.

அதற்குப் பிறகுதான் நித்திரை. முதலில் பாயில் மூன்று பேரும் படுத்தார்கள், பிள்ளை நடுவில். முதுகைத் தட்டுவதும் கதை சொல்வதும் அம்மம்மாவின் வேலை. காதைப் பிடிக்க அம்மா இருந்தா. கதை ஒவ்வொரு நாளும் ஒரே கதை. இது முக்கியம். ஒரே கதை, ஒரே பாட்டு, ஒரே தட்டல் என்று இருந்தால், ஆள் மாறினாலும் மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும். அடுத்த கட்டமாக, பிள்ளை கண் சொருகும் நேரத்தில் அம்மா "பல்லு விளக்கிப்போட்டு வாறன்" என்று எழும்பிப் போவா. உண்மையாகவே பல்லை விளக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவா. பிள்ளை நித்திரையாகியிருந்தாலும் வந்து படுப்பா. பிறகு அந்த ஐந்து நிமிடம் பத்தாகி, கால் மணித்தியாலமாகி நீண்டது.

ஐந்தாம் கிழமையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். வருத்தக்காரப் பிள்ளை அம்மாவிடம்தான் ஒட்டும், ஒட்டவும் வேண்டும். சுகமான பிறகு விட்ட இடத்தில் தொடங்காமல், அதற்கு முந்திய கட்டத்தில் தொடங்கினார்கள். இரண்டு மூன்று இரவில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். கடைசி மாதத்தில் கிழமைக்கு ஓர் இரவு அம்மா பக்கத்து அறையில் படுத்தா, பிள்ளை அம்மம்மாவோடு.

சரியான வேகத்தில் போகிறோமா என்று அறிய ஒரு வழி உண்டு. நடுச்சாமத்தில் விழித்தால் யாரைக் கூப்பிடுகிறாள் என்று கவனியுங்கள். இருட்டில் கையால் தடவி, அம்மம்மாவில் கை பட்டு, அப்படியே மறுபடி நித்திரையாகிறாள் என்றால் பழக்கம் பிடித்துவிட்டது. மாறாக, பகலிலும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள், கக்கூசுக்குப் போகவும் விடுகிறாளில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. ஒரு கட்டம் பின்னால் வாருங்கள்.

ஆஸ்பத்திரி இரவுகளில் இந்தப் பிள்ளை அழவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் இரவு அரை மணித்தியாலமளவு அழுதாள். அம்மம்மா அதே கதையைச் சொன்னா, முதுகைத் தட்டினா, நித்திரையானாள். மூன்றாம் இரவு கூடுதலாகத் தேடினாள். ஆனால் அழுத நேரத்தில் ஆறுதலுக்கு ஒரு கை இருந்தது. முழுப் பழக்கமும் அதற்காகத்தான்.

இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். உடனே மறக்கடிக்க வேண்டுமா?

கர்ப்பம் சாதாரணமாகப் போகிறதென்றால் உடனே நிறுத்த வேண்டிய மருத்துவக் காரணம் இல்லை. முன்பு குறைமாதத்தில் பேறு நடந்திருந்தால், இரத்தக்கசிவு இருந்தால், வயிறு இறுகி நோ வந்தால் கிளினிக்கில் கேட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் பால் குறைந்து சுவையும் மாறும். பல பிள்ளைகள் அப்போது தாங்களாகவே விட்டுவிடும்.

நிறுத்துவதென்றால் பேற்றுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே, ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். முதலில் பகல் வேளை, கடைசியாகப் படுக்கும் நேரத்து வேளை. வேப்பங்குருத்தை அரைத்துப் பூசுவதை நான் விரும்புவதில்லை. நேற்றுவரை ஆறுதல் தந்த இடம் இன்று கசக்கிறது, அதற்கான காரணமும் பிள்ளைக்குத் தெரியாது. அதுவும் எட்டாம் மாதத்தில் பூசி மறக்கடித்துவிட்டு, பத்தாம் மாதத்தில் அதே மார்பில் இன்னொரு பிள்ளையைப் போட்டால் அவன் என்ன நினைப்பான்?

இரண்டு பேருக்கும் கொடுக்க நினைக்கிற அம்மாமாரும் உண்டு. கொடுக்கலாம். ஆனால் முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் கொஞ்சம்தான். ஆகவே எப்போதும் சின்னது முதலில் குடிக்க வேண்டும்.

நேசறிக்குச் சேர்ப்பது, பம்பஸ் நிறுத்துவது எல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடலாமா?

இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் முடிக்கலாம். இல்லாவிட்டால் பேறு முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும். எங்கள் முன்பள்ளிகள் தையில் தொடங்குகின்றன. மார்கழிக் கடைசியில் பேறு என்றால் தை முதல் வாரத்திலேயே கொண்டுபோய் விட்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். "பேபி வந்தது, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்" என்று அவன் மனத்தில் பதிந்தால், அதை அழிக்கப் பல மாதம் எடுக்கும். ஆசிரியையோடு கதைத்து மாசியிலோ பங்குனியிலோ சேர்ப்பதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

கட்டில் மாற்றுவதும் இப்படித்தான். அவனுடைய ஏணையையோ தொட்டிலையோ புதுப் பிள்ளைக்கு எடுப்பதானால், முன்கூட்டியே கழற்றிச் சில வாரம் கண்ணில் படாமல் வையுங்கள். நேற்று தன்னுடையதாக இருந்ததில் இன்று இன்னொருவர் கிடக்கக் காண்பது பெரிய அடி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவளுக்குச் சொல்லிவிட்டுப் போவதா, நித்திரையில் போவதா? சொன்னால் அழுவாள்.

சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அழட்டும். சொல்லிவிட்டுப் போனால் அழுகை ஒரு தரத்தோடு முடியும். சொல்லாமல் போனால், பிறகு நீங்கள் கிணற்றடிக்குப் போனாலும் அவள் பின்னால் ஓடி வருவாள், ஏனென்றால் அம்மா எந்த நேரமும் காணாமல் போகலாம் என்று கற்றுக்கொண்டுவிட்டாள். நள்ளிரவில் நோ கண்டு புறப்பட்டாலும் எழுப்பி, "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறன், பேபி வெளியே வரப்போகுது, அம்மம்மா உன்னோடு இருப்பா" என்று சொல்லி முத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். அரை நித்திரையில் கேட்டாலும் விடிய நினைவிருக்கும்.

எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்லாதீர்கள். சுகப்பேறு என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் விடுவார்கள், சிசேரியன் என்றால் மூன்று நான்கு நாள் ஆகும். பிள்ளைக்கு மஞ்சள் கூடினால் இன்னும் சில நாள் வைத்திருப்பார்கள். "நாலு நித்திரை கொண்டால் அம்மா வந்துவிடுவா" என்று சொல்லி, ஐந்தாம் நாளும் வராவிட்டால் உங்கள் சொல்லில் நம்பிக்கை போய்விடும். "டொக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னவுடன் வருவேன்" என்பதே சரியான பேச்சு. நாட்களை எண்ணுவதற்குப் பதிலாக அவளுடைய ஒரு நாளை விவரித்துச் சொல்லுங்கள்: காலையில் அம்மம்மா புட்டுத் தீத்துவா, பிறகு மாமாவோடு கோயிலடிக்குப் போவாய், பின்னேரம் அப்பா வந்து அம்மாவைப் பற்றிச் சொல்லுவார். தன்னை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு முழுப் பதிலும் இதில் இருக்கிறது.

உங்கள் பழைய, தோய்க்காத சட்டை ஒன்றைத் தலையணைக்கு மேல் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். மணம் உதவும்.

ஆஸ்பத்திரியில் வந்து பார்க்க விடுவார்களா? வீடியோ கோல் எடுக்கலாமா?

பெரியாஸ்பத்திரியானாலும் தெல்லிப்பழையானாலும் பருத்தித்துறையானாலும், சின்னப் பிள்ளைகளை மகப்பேற்று விடுதிக்குள் விடுவார்களா, எந்த நேரத்தில் விடுவார்கள் என்பதைக் கடைசிக் கிளினிக்குக்குப் போகும்போதே கேட்டு வையுங்கள். கூட்டிக்கொண்டு போய் வாசலில் மறித்துத் திருப்பி அனுப்புவது போகாமல் இருப்பதைவிட மோசம். விட்டாலும் தடிமன், இருமல், காய்ச்சல், கண்நோய் எது இருந்தாலும் கூட்டிப்போக வேண்டாம்.

வீடியோ கோலைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். நாலு வயதுக்கு மேல் என்றால் நன்றாகக் கதைப்பார்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் போனில் கண்டதும், ஏன் கையால் தொட முடியவில்லை என்று கூடுதலாக அழக்கூடும். பகலில், சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். படுக்கும் நேரத்தில் எடுக்கவே வேண்டாம். அழுகிறாள் என்றால் விட்டுவிட்டு, போவதற்கு முன்பே உங்கள் குரலில் அந்தப் படுக்கைக் கதையைப் போனில் பதிந்து கொடுத்துவிட்டுப் போங்கள். முகம் இல்லாத குரல் பல பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கிறது.

வீட்டுக்கு வரும் நேரம் எப்படி இருக்க வேண்டும்?

உங்கள் கை வெறுமையாக இருக்க வேண்டும். ஓட்டோவால் இறங்கும்போது குழந்தையை உங்கள் அம்மாவோ கணவரோ வைத்திருக்கட்டும். நீங்கள் நேரே மூத்த பிள்ளையிடம் போங்கள். நாலு நாளாகக் காத்திருந்தது உங்களைத்தான். பத்து நிமிடம் கொடுங்கள். குழந்தையைப் பற்றி அவளாகக் கேட்கும்வரை பேச்சே வேண்டாம்.

சிசேரியன் என்றால் ஆறு கிழமையளவு பாரம் தூக்கக் கூடாது. அதை முன்பே சொல்லி வையுங்கள்: "அம்மாவுக்கு வயிற்றில் காயம், தூக்க ஏலாது, ஆனால் இருந்துகொண்டு மடியில் வைப்பேன்." கதிரையில் இருந்து, காயத்துக்கு மேலே ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, அவளைப் பக்கத்தால் ஏறவிடுங்கள். காயத்துக்குக் குழந்தைதான் காரணம் என்று யாரும் அவளுக்குச் சொல்லக் கூடாது. "பேபியாலதான் அம்மா உன்னைத் தூக்குறா இல்லை" என்று யதார்த்தமாகச் சொல்கிற ஒரு வசனம் பல நாள் பகையாக நிற்கும்.

நான் மேலே சொன்ன கொக்குவில் வீட்டில் இந்த இடத்தில்தான் சறுக்கியது. எல்லாம் வடிவாகப் பழக்கியாயிற்று, இனி அம்மம்மாவோடுதானே படுப்பாள் என்று, அம்மா வந்த அன்றிரவே பிள்ளையை அம்மம்மாவின் அறையில் படுக்க வைத்தார்கள். இரண்டு இரவும் வீடே நித்திரை கொள்ளவில்லை. அம்மா இல்லாதபோது அம்மம்மாவோடு படுப்பது ஒன்று, அம்மா வீட்டில் இருக்க, தன்னை விலக்கிவிட்டு பேபியை வைத்திருப்பது வேறு. மூன்றாம் இரவு அதே அறையில், கட்டிலில் அம்மாவும் குழந்தையும், கீழே பாயில் அம்மம்மாவும் அவளும் என்று மாற்றினார்கள். அன்றே அடங்கியது.

துடக்கு முடியும் வரை அறைக்குள் அடிக்கடி போகக் கூடாது என்று அம்மா சொல்கிறா. என்ன செய்வது?

முப்பத்தொன்று முடியும் வரை வெளியாட்களை மட்டுப்படுத்தும் வழக்கத்தில் நல்லது இருக்கிறது. தாய்க்கு ஓய்வு, குழந்தைக்குத் தொற்று குறைவு. ஆனால் மூத்த பிள்ளை வெளியாள் அல்ல. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால், தடிமன் காய்ச்சல் இல்லை என்றால், அவள் உள்ளே போய்வர வேண்டும். உங்கள் அம்மாவோடு இதைப் பேற்றுக்கு முன்பே, சண்டையாக இல்லாமல் கதைத்து முடித்துவிடுங்கள். கதவைப் பூட்டி "உள்ளே வராதே, பேபி படுக்குது" என்று நாளுக்குப் பல தரம் கேட்கிற பிள்ளை, பேபியை விரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த மாதத்தில் அவளுக்கு இடம் கொடுக்க வசதியான நேரம் குழந்தையைக் குளிக்க வார்க்கும் நேரம். காலை இளவெயிலில் அம்மம்மா காலை நீட்டி இருந்து குழந்தையைக் கிடத்தி வார்க்கும்போது, துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் சட்டையை எடுத்துத் தருவதும் அவளுடைய வேலையாகட்டும். எடுத்துத் தர மறுக்கும் நாளில் விட்டுவிடுங்கள். "அக்காவல்லோ, நீதானே செய்ய வேணும்" என்று கட்டாயப்படுத்தினால் அது வேலையாகிவிடும்.

பத்தியக் கறியும் சரக்கும் அம்மாவுக்கு மட்டும் தனியாகச் சமைக்கப்படும்போது, அவளுக்கு ஒரு கவளம் தீத்திவிடுங்கள். உறைக்குமென்றால் சோற்றோடு மீன் துண்டு ஒன்றைக் கொடுத்தால் போதும். ஒரே கோப்பையில் சாப்பிடுவதுதான் அவளுக்கு வேண்டியது.

வருகிற ஆட்கள் எல்லாம் "இனி உன்னை ஆர் பாப்பினம்?" என்று பகிடி விடுகிறார்கள்.

அதைத் தடுக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பகிடி, மூன்று வயதுக்கு அது செய்தி. அவள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பயத்தை ஒரு பெரிய ஆள் வந்து உறுதிப்படுத்துகிறார். வந்தவருக்கு மரியாதைக் குறைவு இல்லாமல் பிள்ளையைப் பார்த்தே பதில் சொல்லுங்கள்: "என்ர பிள்ளையை நான்தான் பாப்பன், என்ன?" அதோடு அந்தக் கதை நின்றுவிடும்.

"அம்மா இப்ப ஆருக்குக் கூட விருப்பம்?" என்பதும் இதே வகைதான். அத்தோடு, வருகிறவர்கள் சின்னதுக்குச் சட்டையும் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள். அவளுக்கும் ஏதாவது கொண்டுவரச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். அலுமாரிக்குள் பிஸ்கற், நிறப்பெட்டி, ஸ்ரிக்கர் என்று சில சின்னச் சாமான்களை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பரிசைவிட, வருகிற ஆள் முதலில் அவளோடு கதைத்துவிட்டு, "உன்ர தம்பியை எனக்குக் காட்டு" என்று கேட்பது மேல். இதை நெருங்கிய சொந்தக்காரருக்குப் போனில் முன்பே சொல்லி வைக்கலாம்.

பம்பஸ் நிறுத்தி ஒரு வருடம். இப்போது மறுபடி காற்சட்டையில் போகிறான். போத்தலில் பாலும் கேட்கிறான்.

இதை எதிர்பார்த்தே இருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஏதோ ஒன்றில் பின்னுக்குப் போவார்கள்: சலம் போவது, மழலை கதைப்பது, தீத்தச் சொல்லி நிற்பது, தவழ்வது. பேபி செய்வதையெல்லாம் செய்தால் பேபிக்குக் கிடைப்பது கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். சில கிழமையில் குறைந்து, இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் போய்விடும்.

போத்தல் கேட்டால் ஒரு தரம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு வைத்துவிடுவான். மறுத்தால்தான் அதற்கு மவுசு கூடும். காற்சட்டை நனைந்தால் ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிடுங்கள். "இவ்வளவு பெரிய ஆள், வெக்கமில்லையோ" என்று கேட்டால், பெரிய ஆளாக இருப்பதில் லாபம் இல்லை என்றுதான் அவன் முடிவெடுப்பான். ஆனால் சலம் போகும்போது நோகிறது என்றாலோ, காய்ச்சல் இருந்தாலோ, அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி போனாலோ பேபியைக் காரணம் சொல்லிக்கொண்டு இருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், அம்மாவும் அவனும் மட்டும். குழந்தை அம்மம்மாவிடம். போன் வேறு அறையில். என்ன விளையாடுவது என்பதை அவன் சொல்லட்டும். நாளின் மிச்ச நேரத்தில் "கொஞ்சம் பொறு" என்று சொல்லும்போது, பொறுப்பதற்கு அவனிடம் ஒரு காரணம் இருக்கும்.

குழந்தையைக் கிள்ளுகிறான். ஒரு நாள் ஏணையை உதறி ஆட்டினான். பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரி. அந்தப் பயத்தை ஏற்பாடாக்குங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளையையும், எவ்வளவு பாசமாக இருந்தாலும், குழந்தையோடு தனியே விடக் கூடாது. தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்துக்கும் இது பொருந்தும். ஆபத்து கோபத்தில் மட்டும் வருவதில்லை, பாசத்திலும் வரும். அழுகிற குழந்தையின் வாயில் வாழைப்பழத்தைத் திணிப்பார்கள், குளிருமென்று முகத்துக்கு மேலே தலையணை வைப்பார்கள், தூக்கப் பார்த்து விழுத்துவார்கள். ஏணையை அறையில் ஆள் இல்லாதபோது பாவிக்காதீர்கள். அதை ஆட்டும் வேலையை அவனுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

கிள்ளினால் கையைப் பிடித்து, "நோகும், விடமாட்டன்" என்று சுருக்கமாகச் சொல்லி விலக்குங்கள். அடிக்க வேண்டாம். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "பேபி அழுது அழுது உனக்கு அலுத்துப்போச்சு, என்ன?" என்று அவன் மனத்தில் இருப்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். "திருப்பி ஆஸ்பத்திரியில குடுங்கோ" என்று சொன்னாலும் பதறாதீர்கள். வாயால் சொல்கிற பிள்ளை கையால் செய்வது குறையும். தொடவேண்டும் என்றால் காலைத் தொடப் பழக்குங்கள். முகத்தையும் கையையும் விட, கால் தொற்றுக்கும் கீறலுக்கும் பாதுகாப்பான இடம்.

எங்களுக்கு அம்மம்மா இல்லை, கணவர் வெளிநாட்டில். இதெல்லாம் எப்படி?

ஆஸ்பத்திரி நாட்களுக்கு ஒரு ஆளை இப்போதே முடிவுசெய்யுங்கள். அயலில் இருக்கும் மச்சாளோ, பிள்ளைக்குப் பழக்கமான குடும்பமோ போதும். முடிந்தால் அந்த ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து படுக்கட்டும். பிள்ளை வேறு வீட்டுக்குப் போனால் ஒரே நாளில் அம்மாவும் போய், கட்டிலும் போய்விடும். முடியாவிட்டால், முன்பே பல பின்னேரங்களும் ஓரிரு இரவுகளும் அந்த வீட்டில் பழக்கிவிடுங்கள், முதலில் உங்களோடு, பிறகு தனியே. அப்பா போனில் வரும்போது முதலில் மூத்த பிள்ளையோடு கதைத்துவிட்டுத்தான் குழந்தையைப் பார்க்கக் கேட்க வேண்டும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

எவ்வளவு காலம் பொறுத்துப் பார்ப்பது? யாரிடம் கேட்பது?

மூன்று மாதமாகியும் அடிப்பதும் கிள்ளுவதும் குறையாமல் கூடினால், சாப்பாடு குறைந்து நிறையும் குறைந்தால், கதைத்த பிள்ளை கதையை நிறுத்தினால், விளையாடாமல் ஒதுங்கியே இருந்தால் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் பேற்றுக்குப் பிறகு முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வருவார். குழந்தையின் நிறையையும் உங்கள் காயத்தையும் பார்த்துவிட்டுப் போவதோடு விடாமல், மூத்த பிள்ளையைப் பற்றியும் அவரிடம் கதையுங்கள். அவர் தேவைப்பட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பி வைப்பார். பிள்ளை முன்பள்ளிக்குப் போகிறதென்றால் ஆசிரியையிடமும் கேளுங்கள். வீட்டில் மட்டும் குழப்படி, அங்கே வழமைபோல என்றால் பெரும்பாலும் காலம் சரிப்படுத்தும். இரண்டு இடத்திலும் மாறியிருந்தால் காட்ட வேண்டும்.

அதே நேரம் உங்களையும் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேலாகக் காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் மனம் இல்லை, குழந்தை நித்திரை கொண்டாலும் உங்களுக்கு நித்திரை வரவில்லை என்றால், அதுவும் அதே உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டிய விடயம். மூத்த பிள்ளையின் குழப்படி சில வீடுகளில் அம்மாவின் இந்த வருத்தத்தின் நிழல். அங்கே முதலில் வைத்தியம் வேண்டியது அம்மாவுக்குத்தான்.